71 சொல் வாக்கியத்தை எப்படிப் பிரிப்பது? பழைய ஆங்கில உரைநடைக்கு நான்கு வழிகள்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் முதல் வாக்கியத்தில் 71 சொற்கள் இருக்கின்றன. அந்த வாக்கியத்தைத் தாங்கி நிற்கும் வினைச்சொல் 59ஆவது இடத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வேறு மூன்று வினைகள் தலைகாட்டுகின்றன. ஒவ்வொன்றையும் தலைமை வினை என்று நம்பி ஏமாந்து, உண்மையான வினையை எட்டும்போது பலருக்கு வாக்கியத்தின் தொடக்கமே மறந்திருக்கும்.

இத்தனைக்கும் அதில் அகராதியைத் தேட வைக்கும் சொற்கள் அதிகம் இல்லை. 'பீப்பிள்', 'பவர்ஸ்', 'அஸ்யூம்', 'ஸ்டேஷன்' எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். தெரிந்தவர்கள் மட்டுமே வந்திருக்கும் கல்யாணத்தில் வழி தெரியாமல் நிற்பது போன்ற சங்கடம் இது.

சட்டமோ வரலாறோ படிக்கிறவர்களுக்கு 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தைத் தாண்டிப் போக வழியில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பேர் கூடுவோம். ஒரு பருவம் முழுக்க 1776ஆம் ஆண்டின் இந்தப் பிரகடனத்தை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு பத்தி என்று படித்தோம். பழைய நடையை இன்றைய நடைக்குக் கொண்டுவந்து படிப்பது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. எங்களோடு படித்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இரண்டாவது வாரமே சொன்னார்: "நீங்கள் அடித்துக்கொள்ளும் வழிகள் மூன்றுக்கும் நம் உரையாசிரியர்கள் என்றைக்கோ பெயர் வைத்துவிட்டார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதினால் பதவுரை. சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருள் நோக்கிச் சேர்த்தால் கொண்டுகூட்டு. எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னால் பொழிப்புரை." ஆங்கிலத்தை விட்டுவிட்டு நேராகத் தமிழில் எழுதிப் பார்ப்பது நான்காவது வழி. அது அவருடைய வழி.

பெரும்பாலானோர் பதவுரையில்தான் தொடங்குகிறார்கள். எங்களோடு இருந்த சட்ட மாணவியும் அப்படித்தான் தொடங்கினார். பிரதியை இரட்டை இடைவெளியில் அச்சடித்துக்கொண்டு, ஐயத்துக்குரிய ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் இன்றைய பொருளை எழுதினார். முதல் வாக்கியத்தின் நடுப்பகுதி அவருக்கு இப்படிக் கிடைத்தது: பூமியின் ஆற்றல்களுக்கிடையே தனியான, சமமான நிலையத்தை ஊகிப்பது. படித்துவிட்டு அவரே முதலில் சிரித்தார். 'அஸ்யூம்' என்றால் ஊகி, 'பவர்ஸ்' என்றால் ஆற்றல்கள், 'ஸ்டேஷன்' என்றால் நிலையம். அகராதியில் மூன்றுமே இருக்கின்றன, மூன்றுமே இங்கே தவறு.

தவறு எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். 'அஸ்யூம்' என்ற வினைக்கும் அதன் செயப்படுபொருளான 'ஸ்டேஷன்' என்ற சொல்லுக்கும் இடையே பத்துச் சொற்கள் புகுந்திருக்கின்றன. அவற்றில் ஆறு 'பூமியின் பவர்களுக்கிடையே' என்று பொருள்படும் தொடர். அதற்கு நியாயமான இடம் செயப்படுபொருளுக்குப் பின்னால். அதைத் தூக்கி அங்கே வைத்துவிட்டால் 'அஸ்யூம்', 'ஸ்டேஷன்' இரண்டும் நெருங்கி வருகின்றன. ஒரு நிலையத்தை யாரும் ஊகிப்பதில்லை, ஒரு நிலையை ஏற்கலாம் என்பது அப்போது தானாகவே தெரிகிறது. தனியான, சமமான நிலையை எவர்களுக்கிடையே ஏற்பது? அப்படிக் கேட்டதும் 'பவர்ஸ்' என்றால் நாடுகள், வல்லரசு என்கிறோமே அந்த அரசுகள், என்பதும் விளங்கிவிடுகிறது. ஒரு சொல்லின் பல பொருள்களில் எது இங்கே என்பதை அதன் பக்கத்துச் சொல்தான் சொல்லும். பழைய நடையில் பக்கத்துச் சொல் பக்கத்தில் இருப்பதில்லை. அதனால் பதவுரையை முதல் வேலையாகச் செய்கிறவர் துணையில்லாமல் பொருள் தேர்ந்தெடுக்கிறார். அதோடு, எல்லாச் சொற்களையும் சரியாகவே மாற்றினாலும் கையில் மிஞ்சுவது புதிய சொற்களாலான அதே 71 சொல் வாக்கியம்தான்.

கொண்டுகூட்டு வேறு விதமாக நடக்கிறது. சொற்களைத் தொடுவதில்லை, அவற்றின் இடத்தை மட்டும் மாற்றுகிறோம். இதைச் செய்ய எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. பழகிய பிறகு பத்து நிமிடம் போதும். வாக்கியத்தில் காலம் காட்டும் வினைகளை எல்லாம் முதலில் கோடிட வேண்டும். இந்த வாக்கியத்தில் அப்படி ஆறு இருக்கின்றன: 'பிகம்ஸ்', 'ஹாவ் கனெக்டட்', 'என்டைட்டில்', 'ரெக்வயர்ஸ்', 'ஷுட் டிக்ளேர்', 'இம்பெல்'. அடுத்து, 'வென்', 'விச்', 'தட்' ஆகிய சொற்களால் தொடங்கும் துணைத்தொடர்களுக்குள் அடைபட்ட வினைகளை அடித்துவிட வேண்டும். 'பிகம்ஸ்' வாக்கியத்தின் முதல் சொல்லான 'வென்' என்பதற்கு உரியது. 'ஹாவ் கனெக்டட்', 'என்டைட்டில்', 'இம்பெல்' மூன்றும் 'விச்' என்பதற்கு உரியவை. 'ஷுட் டிக்ளேர்' 'தட்' என்பதற்குள் இருக்கிறது. எஞ்சுவது 'ரெக்வயர்ஸ்' ஒன்றுதான், அதாவது கோருகிறது. எது கோருகிறது? அதற்கு ஆறு சொற்கள் முன்னால் நிற்கும் 'ரெஸ்பெக்ட்', அதாவது மதிப்பு.

எழுவாயும் பயனிலையும் கிடைத்துவிட்டால் மற்றவற்றை ஒவ்வொன்றாக அவற்றில் தொங்கவிடலாம். மதிப்பு கோருகிறது. எதன்மீது மதிப்பு? மனிதகுலத்தின் கருத்துகள்மீது. என்ன கோருகிறது? காரணங்களை அறிவிக்கும்படி. எந்தக் காரணங்கள்? பிரிவுக்கு உந்தும் காரணங்கள். எப்போது? ஒரு மக்களினம் இரண்டு செயல்களைச் செய்ய வேண்டிய தேவை எழும்போது. இரண்டு என்பதில் கவனம் வேண்டும். கட்டுகளை அறுப்பது ஒன்று, நிலையை ஏற்பது இன்னொன்று. இவற்றை இணைக்கும் 'அண்ட்' எந்த இரண்டைக் கோக்கிறது என்று பார்க்காமல் போனால், ஏற்பது என்பதை அறுபட்ட கட்டுகளின் வேலையாகப் படித்துவிடும் ஆபத்து உண்டு. 'அண்ட்' வரும் இடத்தில் அதற்குப் பின்னால் என்ன வடிவம் இருக்கிறது என்று பார்த்து, அதே வடிவத்தை முன்னால் தேட வேண்டும். இங்கே பின்னால் 'டு அஸ்யூம்', முன்னால் 'டு டிஸால்வ்'. இணை பொருந்துகிறது.

இந்த வேலை முடிந்தபோது எங்களிடம் நான்கு சிறிய வாக்கியங்கள் இருந்தன. அவற்றில் தெரியாத சொற்கள் அப்படியே இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் யாருக்கு என்ன உறவு என்பது தெரிந்த நிலையில் இருந்தது. உறவு தெரிந்த பிறகு அகராதியைத் திறந்தால் தேடல் பாதியாகக் குறைகிறது. முதலில் வரிசை, பிறகு சொல் என்ற கட்சியில் நான் சேர்ந்தது இதனால்தான்.

ஆனால் வரிசையை மட்டும் நம்பி நான் நன்றாகவே அடி வாங்கியிருக்கிறேன். பிரகடனத்தின் கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய தொடர் இருக்கிறது. பிரிட்டிஷ் மக்களிடம் முறையிட்டுப் பயனில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டாயத்துக்கு நாங்கள் இணங்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். அந்தக் கட்டாயம் எப்படிப்பட்டது? 'டினௌன்ஸஸ் அவர் செபரேஷன்'. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் இன்றைய வரிசையிலேயே நிற்கின்றன, நகர்த்த எதுவும் இல்லை. எனவே நான் நிம்மதியாக 'எங்கள் பிரிவைக் கண்டிக்கும் கட்டாயம்' என்று குறிப்பேட்டில் எழுதினேன். பிரிகிறவர்களே தங்கள் பிரிவை ஏன் கண்டிக்க வேண்டும் என்ற கேள்வி எழாமல் இல்லை. அதற்கும் சமாதானம் கண்டுபிடித்தேன்: மனமில்லாமல் பிரிகிறார்களாம், அந்த வருத்தம் சொல்லில் தெரிகிறதாம். இந்த விளக்கத்தை வாசிப்பு வட்டத்தில் உருக்கமாகச் சொல்லியும் இருக்கிறேன்.

'டினௌன்ஸ்' என்ற சொல்லின் லத்தீன் வேர் தூதனைக் குறிப்பது. 'அனௌன்ஸ்' பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். 18ஆம் நூற்றாண்டில் அதற்கு முறைப்படி அறிவித்தல் என்ற பொருள் உயிரோடு இருந்தது. கட்டாயம் பிரிவைக் கண்டிக்கவில்லை, பறைசாற்றுகிறது. அவ்வளவுதான். என் உருக்கத்துக்கு அங்கே இடமே இல்லை.

பழைய உரைநடையில் இந்த வகைச் சொற்கள்தான் ஆபத்தானவை. 'ஹிதர்' போன்ற வழக்கொழிந்த சொல் யாரையும் ஏமாற்றாது. தெரியாது என்று தெரிகிறது, அகராதியைத் திறக்கிறோம், 'இங்கே' என்று பொருள் கிடைக்கிறது. முகம் அப்படியே இருந்து உள்ளே மாறிப்போன சொல்தான் ஏமாற்றும். தமிழில் 'நாற்றம்' நறுமணமாக இருந்த காலத்துப் பாட்டை இன்றைய மூக்கோடு படிப்பது போன்ற விபத்து அது. அதே பிரகடனத்தில் மன்னர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று, இந்த மாநிலங்களின் 'பாப்புலேஷன்' நடக்காமல் தடுக்க முயன்றார் என்பது. மக்கள்தொகையை எப்படித் தடுப்பது? இங்கே அந்தச் சொல் ஓர் எண்ணிக்கையைக் குறிக்கவில்லை, ஒரு செயலைக் குறிக்கிறது. குடியேற்றுதல், ஆள் நிரப்புதல் என்பது பொருள். அடுத்த தொடரே அதை உறுதிசெய்கிறது: அந்த நோக்கத்துக்காகவே வெளிநாட்டினருக்குக் குடியுரிமை தரும் சட்டங்களுக்கு முட்டுக்கட்டை போட்டார் என்று வருகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இப்போது வைத்திருக்கும் சோதனை இதுதான். ஒரு சொல்லின் இன்றைய பொருளை வைத்து வாக்கியத்தைக் காப்பாற்ற நான் கதை கட்ட வேண்டியிருந்தால், அந்தச் சொல்லைச் சந்தேகப்பட வேண்டும். எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா, இந்த எழுவாயால் அந்தச் செயலைச் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். கட்டாயம் கண்டிக்குமா? மக்கள்தொகை நடக்குமா? பொருந்தவில்லை என்றால் அந்தக் காலத்து அகராதிக்குப் போக வேண்டும். 1755ல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி பிரகடனத்துக்கு 21 ஆண்டுகள் முந்தியது. நோவா வெப்ஸ்டரின் அமெரிக்க அகராதி 1828ல் வந்தது. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இன்றைய கையடக்க அகராதி இந்த வேலைக்கு ஆகாது. அதில் பழைய பொருள் இருந்தாலும் கடைசி எண்ணாகத்தான் இருக்கும், அங்கே வரை யாரும் போவதில்லை.

பொழிப்புரையைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஆசையில்லை. இன்றைய எளிய ஆங்கிலத்தில் முழுவதையும் மாற்றி எழுதிய பதிப்புகள் பிரபலமான பழைய ஆவணங்கள் பலவற்றுக்கும் கிடைக்கின்றன. ஆவணம் எதைப் பற்றியது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ள அவை போதும். சிக்கல் என்னவென்றால், எழுதியவர் எங்கெங்கே ஐயப்பட்டார், எங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தார் என்பது மெழுகி மறைக்கப்பட்டிருக்கும். நாமே எழுதினாலும் இந்தக் குறை உண்டு. எங்களில் ஒருவர் முதல் வாக்கியத்தை இப்படித் திரட்டினார்: 'நாங்கள் பிரிந்து தனி நாடாகிறோம், உலகத்துக்குக் காரணம் சொல்வதுதான் மரியாதை.' சுருக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூல வாக்கியத்தில் 'நாங்கள்' என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல் இரண்டாம் பத்தியில்தான் வருகிறது. முதல் வாக்கியம் ஒரு மக்களினத்துக்கு இப்படியொரு தேவை எழும்போது என்று உலகப் பொதுவிதிபோலப் பேசுகிறது. கிளர்ச்சி செய்கிறவர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல், எவர்க்கும் பொருந்தும் விதியொன்றை முதலில் நிலைநாட்டிவிட்டு, பிறகு அதன் கீழ் வந்து நிற்கிறார்கள். வழக்காடத் தெரிந்தவர்களின் நடை அது. பொழிப்புரையில் முதலில் காணாமல் போனது அதுதான்.

நான்காவது வழி, நேராகத் தமிழுக்குப் போவது. இது மொழிபெயர்ப்பாளர்களின் வேலை, வாசகனுக்கு எதற்கு என்று நான் நினைத்திருந்தேன். தமிழாசிரியர் ஐயா எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்ததும் கருத்து மாறியது. முதல் வாக்கியத்தை அவர் ஒரே வாக்கியமாகவே எழுதியிருந்தார்:

'மனித நிகழ்வுகளின் போக்கில், ஒரு மக்களினம் தன்னை இன்னொன்றோடு பிணைத்திருந்த அரசியல் கட்டுகளை அறுத்துக்கொண்டு, இயற்கையின் விதிகளும் இயற்கைக்கு இறைவனானவனின் விதிகளும் தனக்கு உரியதாக்கும் தனித்த, சமமான நிலையை உலக நாடுகளுக்கிடையே ஏற்க வேண்டிய தேவை எழும்போது, தன்னைப் பிரிவுக்கு உந்தும் காரணங்களை அது அறிவித்தாக வேண்டும் என்று மனிதகுலத்தின் கருத்துகளுக்குத் தரவேண்டிய தகுந்த மதிப்பு கோருகிறது.'

நீளமானதுதான், ஆனால் மூச்சு முட்டவில்லை. காரணம் எளிது. தலைமை வினைக்காக வாக்கியத்தின் கடைசி வரை காத்திருப்பது தமிழனுக்கு அன்றாடப் பழக்கம். 'எழும்போது' என்ற தொடரை முன்னால் வைத்து முடிவைப் பின்னால் தள்ளும் பழைய ஆங்கிலத்தின் பெரிய வரிசை தமிழில் அப்படியே உட்காருகிறது. இன்றைய ஆங்கிலத்தில் எழுதினால் அதைத் தலைகீழாக்கி, முடிவை முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கும். 'விச்' என்று தொடங்கும் சின்னத் தொடர்கள் மட்டும் தமிழில் பெயரெச்சமாகிப் பெயருக்கு முன்னால் போய்விடுகின்றன. அதாவது பெரிய வரிசை தப்பிக்கிறது, சின்ன வரிசை புரள்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு.

தமிழ் வழி வெற்றிபெறும் இன்னோர் இடத்தைச் சொல்ல வேண்டும். பிரகடனத்தில் ஒரு வாக்கியம் எதிர்மறைச் சொல்லில் தொடங்கி, துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்து, 'வாண்டிங்' என்ற சொல்லைத் தாங்கி நிற்கிறது: 'நார் ஹாவ் வீ பீன் வாண்டிங் இன் அட்டென்ஷன்ஸ்'. சட்ட மாணவி முதலில் இதை 'எங்கள் சகோதரர்களின் கவனத்தை நாங்கள் விரும்பவும் இல்லை' என்று படித்தார். 'வாண்ட்' என்றால் விரும்பு என்று பழகிய கண்ணுக்கு அது இயல்பு. அங்கே அதன் பொருள் குறைபடுதல். வரிசையையும் சொல்லையும் திருத்தி இன்றைய ஆங்கிலமாக்கினால் 'நாங்கள் அவர்களைக் கவனத்தில் வைத்தே வந்திருக்கிறோம்' என்ற சப்பையான உடன்பாட்டு வாக்கியம் கிடைக்கிறது. ஐயா எழுதியது: 'எங்கள் பிரிட்டிஷ் சகோதரர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையிலும் நாங்கள் குறை வைக்கவில்லை.' பெண் வீட்டார் சீர்வரிசையைப் பற்றிச் சொல்வார்களே, 'நாங்கள் எதிலும் குறை வைக்கவில்லை' என்று, அதே தொனி. மூலத்தில் இருக்கும் இரட்டை எதிர்மறையும் அதற்குள் இருக்கும் மனத்தாங்கலும் அப்படியே வந்துவிட்டன.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 'மதிப்பு கோருகிறது' என்பது தமிழில் இடறுகிறது. நாம் மதிப்பை எழுவாயாக வைத்துப் பேசுவதில்லை. இயல்பாக எழுத வேண்டுமென்றால் 'கருத்துகளை மதித்து அறிவிக்க வேண்டும்' என்று மாற்றத் தோன்றும். மாற்றினால், கோருவது மதிப்புதான் என்ற செய்தி நழுவிவிடும். தேர்விலோ நீதிமன்றத்திலோ மூலத்தின் சொற்களைக் கொண்டே வாதாட வேண்டியவருக்குத் தமிழ் வடிவம் ஒரு படிக்கட்டுதான், அங்கேயே நின்றுவிட முடியாது.

வரிசையை மாற்றுவதே தீர்ப்பாகிவிடும் இடங்களும் உண்டு. அங்கே இந்த வழிகள் ஒன்றோடொன்று மோதுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1791ல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 27 சொற்களில் அடங்கிவிடுகிறது. அதன் முதல் 13 சொற்கள் ஒரு தனித்தொடர்: 'எ வெல் ரெகுலேட்டட் மிலிஷியா, பீயிங் நெசஸரி டு த செக்யூரிட்டி ஆஃப் எ ஃப்ரீ ஸ்டேட்'. அதாவது, நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட மக்கள் படை ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு இன்றியமையாததாக இருக்க. மீதி 14 சொற்கள், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்கின்றன. முன்தொடரில் 'பீயிங்' என்பதற்குத் தனி எழுவாய் இருக்கிறது, அது மக்கள் படை. பின்தொடரின் எழுவாய் உரிமை. இரண்டையும் இணைக்கும் சொல் எதுவும் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் இந்த அமைப்பு மிகவும் சாதாரணம். இன்றைய ஆங்கிலத்தில் அருகிவிட்டது. எனவே புதுப்பிக்கிறவர் ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டாக வேண்டும்.

எந்தச் சொல்? 2008ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஹெல்லர் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு, இந்தத் திருத்தத்தை 'ஏனெனில்' என்று பொருள்படும் சொல்லோடு தொடங்கி மாற்றி எழுதலாம் என்றது. முன்தொடர் நோக்கத்தைச் சொல்கிறது, ஆனால் உரிமைக்கு எல்லை போடவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் நிலை. மாறுபட்ட நீதிபதிகள், முன்தொடரில் சொன்ன நோக்கத்தை வைத்துத்தான் உரிமையின் வீச்சை அளக்க வேண்டும் என்றார்கள். ஐந்துக்கு நான்கு என்று நீதிமன்றம் பிரிந்தது. 'ரெகுலேட்டட்' என்ற சொல்லிலும் இதே இழுபறி. இன்றைய காதுக்கு அது அரசின் கட்டுப்பாடாகக் கேட்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்போ, முறையான ஒழுக்கமும் பயிற்சியும் என்று அதற்குப் பொருள் கொண்டது.

இந்தத் திருத்தத்தை நான் வட்டத்தில் வைத்தபோது ஐயா ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "இது நம் செயவென் எச்சம்தானே." 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்றால் மழை காரணம். 'நெல் விளைய மழை பெய்தது' என்றால் விளைச்சல் காரியம். 'சூரியன் மறைய அவன் வந்தான்' என்றால் இரண்டும் உடன் நிகழ்ந்தவை, அவ்வளவுதான். வடிவம் ஒன்று, உறவு மூன்று. தமிழ் இலக்கணம் இதைக் காரணம், காரியம், உடனிகழ்ச்சி என்று பிரித்து வைத்திருக்கிறது. 'பீயிங்' தொடரும் அப்படித்தான் நடந்துகொள்கிறது, உறவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. தமிழில் 'இன்றியமையாததாக இருக்க' என்று எழுதும்போது நாமும் அதைச் சொல்லாமல் விட முடிகிறது. இன்றைய ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 'ஏனெனில்' என்றோ வேறொன்றோ போட்டு ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

பிரகடனத்திலும் இந்த அமைப்பு உண்டு. சட்டமன்றங்களைக் கலைத்துவிட்டு மன்னர் நெடுநாள் தேர்தல் நடத்தவில்லை என்ற குற்றச்சாட்டின் முடிவில், 'த ஸ்டேட் ரிமைனிங்' என்று ஒரு தொடர் தொங்குகிறது. அதற்கிடையே மாநிலம் வெளியிலிருந்து படையெடுப்புக்கும் உள்ளே குழப்பத்துக்கும் ஆளாகிக் கிடக்க என்பது பொருள். அங்கே பிரச்சினை இல்லை. 'அதற்கிடையே' என்ற தொடரே உடனிகழ்ச்சி என்று காட்டிவிடுகிறது. இணைப்புச் சொல் போடும்முன் இப்படிப்பட்ட சாட்சி வாக்கியத்துக்குள் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் போடலாம். இல்லையென்றால் சாத்தியமான வடிவங்கள் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

ஆக, எனக்கு இன்று யாராவது பழைய ஆங்கிலப் பிரதி ஒன்றைத் தந்து ஒரு மாலைக்குள் படிக்கச் சொன்னால், கொண்டுகூட்டை மட்டும் செய்வேன். வினைகளைக் கோடிட்டு, துணைத்தொடர்களை அடைத்து, எழுவாயைப் பிடித்துவிடுவேன். இரண்டாவது மாலையும் கிடைத்தால் கதை கட்டவைத்த சொற்களுக்கு மட்டும் பதவுரை. அதுவும் அந்தக் காலத்து அகராதியோடு. நடையைப் பற்றி, தொனியைப் பற்றி எழுத வேண்டியவராக இருந்தால், இதற்குப் பிறகு தமிழில் ஒருமுறை எழுதிப் பார்க்கச் சொல்வேன். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் தெரியாத மனத்தாங்கல்கள் அங்கே தெரியும். சட்ட மாணவி இப்போது தன் பிரதியில் மூன்று நிறப் பேனாக்களைப் பயன்படுத்துகிறார். இடம் மாற்றியதற்கு நீலம், சொல் மாற்றியதற்குப் பச்சை, தானாகச் சேர்த்த சொல்லுக்குச் சிவப்பு. பிறர் எழுதிய எளிய பதிப்பைக் கடைசியில்தான் திறக்கிறார். தன் சிவப்புச் சொற்கள் அவர்களுடையதில் இருக்கின்றனவா என்று பார்க்கத்தானாம்.

சில இடங்களில் அவரும் எந்தப் பேனாவையும் எடுப்பதில்லை. பிரிட்டிஷ் மக்களை மற்ற மனிதர்களைப் போலவே கருதுவோம் என்று சொல்லும் வாக்கியம் 'எனிமீஸ் இன் வார், இன் பீஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்று முடிகிறது. இன்றைய வரிசைக்குக் கொண்டுவந்தால் இரண்டாவது பாதி புரண்டு, தொடர் 'பீஸ்' என்று முடிந்துவிடும். மூலம் பகைவரில் தொடங்கி நண்பரில் முடிகிறது. ஐயா அதைத் தமிழில் எழுதியபோது குறுக்கு வரிசை போய்விட்டது, கடைசிச் சொல் மட்டும் தங்கியது: போரில் பகைவர், அமைதியில் நண்பர்.